ஒரே சுற்று, இரண்டு வழி: கணு முறை விடையைக் கண்ணி முறையால் சரிபார்ப்பது எப்படி?

எஸ்.டி.பி.எம். இயற்பியலில் கிர்க்காஃப் விதிகள் வருகின்றன. போலிடெக்னிக் மின்சுற்றுப் பாடத்தில் அதே விதிகள் கணு முறை, கண்ணி முறை என்று இரண்டு முறைகளாக வருகின்றன. வகுப்பில் "நோட்", "மெஷ்" என்று நாம் சொல்வது இவற்றைத்தான். பெரும்பாலும் இவை இரண்டு தனித்தனிப் பாடங்களாகவே நடத்தப்படுகின்றன. ஒரு கணக்கை ஒரு முறையில் போட்டுவிட்டு, விடை சரியா என்று இன்னொரு முறையால் பார்க்கும் பழக்கம் மாணவர்களிடம் குறைவு.

சரிபார்க்கச் சொன்னால் மாணவர் என்ன செய்கிறார்? கணு முறையில் விடை கண்டுபிடித்துவிட்டு, ஒரு கண்ணியைச் சுற்றி மின்னழுத்தங்களைக் கூட்டிப் பார்க்கிறார். "சார், பூஜ்யம் வந்துடுச்சு. அப்போ விடை சரிதானே?" என்று கேட்கிறார். சரி என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கூட்டல், விடை தப்பாக இருந்தாலும் பூஜ்யமே காட்டும். அது ஏன், அதற்குப் பதிலாக எதைச் செய்ய வேண்டும் என்பதை ஒரு சுற்றை வைத்துப் பார்ப்போம்.

சுற்று

```
  +---[R1]---A---[R3]---B---[R5]---+
  |          |          |          |
 E1         R2         R4         E2
  |          |          |          |
  +----------+----O-----+----------+
```

E1 = 18 V, E2 = 3 V. இரண்டு மின்கலங்களுக்கும் நேர்முனை மேல் பக்கம்.
R1 = 2 Ω, R2 = 5 Ω, R3 = 3 Ω, R4 = 4 Ω, R5 = 1 Ω.

கீழே உள்ள கம்பி முழுவதும் ஒரே கணு. அதை O என்று அழைத்து, அதன் மின்னழுத்தத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். தெரியாதவை A, B ஆகிய இரண்டு கணுக்களின் மின்னழுத்தங்கள்தாம்.

முதல் வழி: கணு முறை

கணு முறையில் நாம் எழுதுவது மின்னோட்ட விதி. ஒரு கணுவிலிருந்து எல்லாக் கிளைகளிலும் வெளியே போகும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம்.

கணு A: (VA − 18)/2 + VA/5 + (VA − VB)/3 = 0

கணு B: (VB − VA)/3 + VB/4 + (VB − 3)/1 = 0

பின்னங்களை நீக்க முதல் சமன்பாட்டை 30ஆலும் இரண்டாவதை 12ஆலும் பெருக்குவோம்.

31VA − 10VB = 270
−4VA + 19VB = 36

முதல் சமன்பாட்டை 19ஆலும் இரண்டாவதை 10ஆலும் பெருக்கிக் கூட்டினால் VB நீங்கிவிடும்: 549VA = 5490. ஆகவே VA = 10 V. அதைப் பிரதியிட்டால் VB = 4 V.

இரண்டாம் வழி: கண்ணி முறை

இப்போது மேலே எழுதியதை மூடி வைத்துவிட்டு மறுபடியும் சுற்றுப் படத்துக்கே போக வேண்டும். இடது, நடு, வலது என்று மூன்று கண்ணிகள். மூன்றிலும் மின்னோட்டம் வலஞ்சுழியாக ஓடுவதாக வைத்து I1, I2, I3 என்று பெயரிடுவோம். இங்கே எழுதுவது மின்னழுத்த விதி.

இடது கண்ணி: 2I1 + 5(I1 − I2) = 18
நடுக் கண்ணி: 5(I2 − I1) + 3I2 + 4(I2 − I3) = 0
வலது கண்ணி: 4(I3 − I2) + 1·I3 + 3 = 0

வலது கண்ணியில் 3 ஏன் கூட்டலாக வருகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். வலஞ்சுழியாகப் போகும்போது E2 மின்கலத்தின் நேர்முனை வழியாக நுழைந்து எதிர்முனை வழியாக வெளியே வருகிறோம். அது மின்னழுத்த இறக்கம். மின்தடைகளில் ஏற்படும் இறக்கத்தோடு சேர்ந்துகொள்கிறது. E1-இல் எதிர்முனை வழியாக நுழைவதால் அது ஏற்றம்; அதனால்தான் 18 வலது பக்கம் போய்விட்டது.

சுருக்கினால்:

7I1 − 5I2 = 18
−5I1 + 12I2 − 4I3 = 0
−4I2 + 5I3 = −3

முதல் சமன்பாட்டிலிருந்து I1 = (18 + 5I2)/7; மூன்றாவதிலிருந்து I3 = (4I2 − 3)/5. இவற்றை நடுச் சமன்பாட்டில் போட்டு 35ஆல் பெருக்கினால் 183I2 = 366. ஆகவே I2 = 2 A, I1 = 4 A, I3 = 1 A.

ஒப்பிடுதல்

கணு முறையில் கிடைத்தவை மின்னழுத்தங்கள். கண்ணி முறையில் கிடைத்தவை மின்னோட்டங்கள். இரண்டையும் ஒரே பொருளாக மாற்றினால்தான் ஒப்பிட முடியும். அதற்கு எளிய வழி, ஒவ்வொரு கிளையின் மின்னோட்டத்தையும் இரண்டு வழியிலும் எழுதுவது.

| கிளை | கணு விடையிலிருந்து | கண்ணி விடையிலிருந்து |
|---|---|---|
| R1 | (18 − 10)/2 = 4 A | I1 = 4 A |
| R2 | 10/5 = 2 A | I1 − I2 = 2 A |
| R3 | (10 − 4)/3 = 2 A | I2 = 2 A |
| R4 | 4/4 = 1 A | I2 − I3 = 1 A |
| R5 | (4 − 3)/1 = 1 A | I3 = 1 A |

ஐந்து கிளைகளும் ஒத்துப்போகின்றன. R5-இல் மின்னோட்டம் B-யிலிருந்து E2-வின் நேர்முனைக்குள் போகிறது, அதாவது 3 V மின்கலம் இங்கே மின்னேற்றம் பெறுகிறது. மின்கலம் என்றால் மின்னோட்டம் வெளியேதான் வர வேண்டும் என்று எண்ணும் மாணவர் இந்த இடத்தில் குறியை மாற்றிவிடுவதுண்டு. இரண்டு முறையும் ஒரே திசையைச் சொல்வதால் இங்கே தயக்கம் வேண்டாம்.

ஒரே முறைக்குள் சரிபார்த்தால் ஏன் பிழை தெரிவதில்லை?

இப்போது வேண்டுமென்றே ஒரு பிழையைச் செய்து பார்ப்போம். கணு B-யின் சமன்பாட்டை 12ஆல் பெருக்கும்போது, மாணவர் VB-யை மட்டும் பெருக்கிவிட்டு, 3ஐப் பெருக்க மறந்துவிடுகிறார். அடைப்புக்குறி இருக்கும் இடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை இது. 36க்குப் பதிலாக 3 வருகிறது:

−4VA + 19VB = 3

விடை: VA = 9.40 V, VB = 2.14 V. பார்ப்பதற்கு நம்பத்தகுந்த விடைதான். இப்போது மாணவர் நடுக் கண்ணியைச் சுற்றிக் கூட்டுகிறார். R2-இல் 9.40 ஏற்றம், R3-இல் 7.26 இறக்கம், R4-இல் 2.14 இறக்கம். 9.40 − 7.26 − 2.14 = 0. "சரியா வந்துடுச்சு!"

உண்மையில் அவர் கூட்டியது VA − (VA − VB) − VB. VA, VB எந்த எண்ணாக இருந்தாலும் இது பூஜ்யம்தான். தாப்பாவிலிருந்து கிளம்பி, ரிங்லெட், தானா ராத்தா வரை ஏறி, மீண்டும் தாப்பாவுக்கே வந்தால் ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சமம். தானா ராத்தாவின் உயரத்தைத் தப்பாக எழுதி வைத்திருந்தாலும் சமம்தான். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் உயரம் என்று கொடுத்துவிட்டாலே இது தானாக நடந்துவிடும். கணு முறையும் அப்படியே: ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு மின்னழுத்தம் என்று தொடங்கிய கணமே மின்னழுத்த விதி உள்ளே வந்துவிட்டது. பிறகு அதையே சோதித்தால் புதிதாக எதுவும் தெரியாது.

கண்ணி முறையில் இதன் மறுபக்கம். கண்ணி மின்னோட்டம் வட்டமாக ஓடுவது. வட்டப் பாதைப் பேருந்து ஒரு நிறுத்தத்துக்குள் வந்தால் அங்கிருந்து வெளியே போய்த்தான் ஆக வேண்டும். அதனால் I1, I2, I3 எவ்வளவு தப்பாக இருந்தாலும், கணு A-வில் I1 உள்ளே வந்து, I1 − I2, I2 என்று இரண்டாகப் பிரிந்து போய்விடும். கூட்டுத்தொகை எப்போதும் பூஜ்யம். கண்ணி முறையில் போட்ட கணக்கை மின்னோட்ட விதியால் சோதிப்பதும் வீண் வேலையே.

ஆக, மின்னழுத்த விதியைக் கணு முறை இலவசமாகத் தருகிறது, மின்னோட்ட விதியைக் கணக்குப் போட்டுப் பெறுகிறது. கண்ணி முறை மின்னோட்ட விதியை இலவசமாகத் தருகிறது, மின்னழுத்த விதியைக் கணக்குப் போட்டுப் பெறுகிறது. கணக்குப் போட்ட பக்கத்தில்தான் பிழை நுழையும். சோதனையும் அந்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

இதனால்தான் இரண்டு முறைகளையும் ஒப்பிடுவது வலுவான சோதனை. கணு விடையிலிருந்து ஓம் விதிப்படி வந்த மின்னோட்டங்கள் மின்னழுத்த விதியைக் கட்டாயம் நிறைவு செய்யும். கண்ணி விடையிலிருந்து வந்தவை மின்னோட்ட விதியைக் கட்டாயம் நிறைவு செய்யும். ஐந்து கிளைகளிலும் இரண்டும் ஒன்றாக இருந்தால், அந்த ஒரே எண்கள் இரண்டு விதிகளையும் நிறைவு செய்கின்றன என்று பொருள். மின்கலமும் மின்தடையும் மட்டுமே உள்ள இப்படிப்பட்ட சுற்றுக்கு இரண்டு விதிகளையும் நிறைவு செய்யும் விடை ஒன்றே ஒன்றுதான். "தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாமே" என்ற சந்தேகத்துக்கு இங்கே இடமில்லை. ஆனால் ஒரு கிளையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. எல்லாக் கிளைகளையும் பார்க்க வேண்டும்.

ஒத்துப்போகாவிட்டால் பிழை எங்கே?

கணு முறையின் பிழையான விடையை எடுத்துக்கொள்வோம். கிளை மின்னோட்டங்கள்: R1-இல் 4.30, R2-இல் 1.88, R3-இல் 2.42, R4-இல் 0.53, R5-இல் −0.86 ஆம்பியர்.

கணு A: 4.30 − 1.88 − 2.42 = 0. சரி.
கணு B: 2.42 − 0.53 − (−0.86) = 2.75. சரியில்லை.

பிழை கணு B-யின் சமன்பாட்டில் இருக்கிறது என்று இது நேராகக் காட்டிவிட்டது. 2.75 என்ற எண்ணும் ஒரு துப்பு. 12ஆல் பெருக்கினோம் அல்லவா? 2.75 × 12 = 33. அது 36க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம். பெருக்க மறந்த இடம் வெளிப்பட்டுவிட்டது.

அடுத்து, கண்ணி முறையில் ஒரு குறிப் பிழை. வலது கண்ணியில் + 3 என்பதற்குப் பதிலாக − 3 என்று எழுதிவிட்டால் I1 = 4.656, I2 = 2.918, I3 = 2.934 என்று வரும். இந்த மின்னோட்டங்களை வைத்து VB-யை வெவ்வேறு பாதையில் கணக்கிடுவோம்.

R4 வழியாக: 4 × (2.918 − 2.934) = −0.06 V.
R5, E2 வழியாக: 3 + 1 × 2.934 = 5.93 V.

ஒரே கணுவுக்கு இரண்டு மின்னழுத்தம் இருக்க முடியாது. இரண்டு பாதைகளும் வலது கண்ணியின் இரண்டு பக்கங்கள். ஆகவே பிழை அந்தக் கண்ணியின் சமன்பாட்டில் இருக்கிறது. வித்தியாசம் ஏறத்தாழ 6 V, அதாவது 3 V-இன் இரண்டு மடங்கு. வித்தியாசம் ஒரு மின்கலத்தின் மதிப்பைப் போல் சரியாக இரண்டு மடங்காக இருந்தால், முதலில் அந்த மின்கலத்தின் குறியைப் பாருங்கள். கூட்ட வேண்டியதைக் கழித்தால் இரட்டிப்பு வித்தியாசம்தான் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முழுமையான விடையில் வித்தியாசம் மிகச் சரியாக 6. மூன்று தசம இடத்தோடு நிறுத்தியதால் 5.99 போல வரும். இப்படிப்பட்ட சிறு வித்தியாசம் முழுமைப்படுத்தலால் வருவது, கணக்குப் பிழை அன்று. அதைப் பிழை என்று நினைத்து நேரத்தை வீணாக்காமல் இருக்க, விடை கிடைக்கும் வரை பின்னமாகவே வைத்துக்கொண்டு கடைசியில் மட்டும் தசமமாக மாற்றுவது நல்லது.

இந்தச் சோதனை பிடிக்க முடியாத பிழை

மாணவர் படத்தைப் பார்க்கும்போதே E2-வின் நேர்முனை கீழ்ப் பக்கம் என்று எண்ணிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கணு முறையில் (VB + 3)/1 என்று எழுதுவார்; VA = 8.69 V, VB = −0.07 V கிடைக்கும். கண்ணி முறையில் − 3 என்று எழுதுவார். மேலே பார்த்த 4.656, 2.918, 2.934 கிடைக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் ஐந்து கிளைகளும் அழகாக ஒத்துப்போகும். விடை மட்டும் தப்பு.

காரணம் எளிது. இரண்டு முறைகளும் ஒரே படத்திலிருந்து எண்களை எடுக்கின்றன. படத்தைத் தப்பாகப் படித்தால், வேறு ஏதோ ஒரு சுற்றுக்கான விடையை இரண்டு முறைகளும் சரியாகக் கண்டுபிடித்துத் தருகின்றன. ஒப்பீடு கணக்கைச் சோதிக்கும், பார்வையைச் சோதிக்காது. ஆகவே மின்கல முனைகளையும் மின்தடை மதிப்புகளையும் கேள்வித் தாளோடு ஒருமுறை தனியாக ஒப்பிட வேண்டும்.

கணுச் சமன்பாட்டிலிருந்து எண்களை எடுத்துக் கண்ணிச் சமன்பாட்டை எழுதக் கூடாது என்பதும் இதனால்தான். இரண்டாம் முறையைப் படத்திலிருந்து புதிதாக எழுதினால், முதல் முறை தப்பாகப் படித்ததை இரண்டாவது பார்வை கண்டுகொள்ள ஒரு வாய்ப்பாவது இருக்கும்.

தேர்வு அறையில் சுருக்கு வழி

"டீச்சர், ரெண்டு தடவை போட நேரம் எங்கே இருக்கு?" நியாயமான கேள்வி. இரண்டாம் முறையை முழுமையாகத் தீர்க்க வேண்டியதில்லை. அதன் சமன்பாடுகளை எழுதி, முதல் முறையின் விடையை அவற்றில் பிரதியிட்டாலே போதும்.

கணு விடையிலிருந்து R1, R3, R5 ஆகிய கிளைகளின் மின்னோட்டங்களை எடுங்கள். இந்த மூன்றும் ஒவ்வொரு கண்ணிக்கு மட்டுமே சொந்தமான கிளைகள். எனவே அவைதாம் I1, I2, I3. நம் விடைப்படி 4, 2, 1.

7(4) − 5(2) = 18
−5(4) + 12(2) − 4(1) = 0
−4(2) + 5(1) = −3

மூன்று வரி, முடிந்தது. இது வெறும் சுற்றிக் கூட்டல் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. R2-இன் மின்னோட்டத்தை VA/5 என்று எடுக்காமல் I1 − I2 என்று எடுக்கிறோம். அங்கேதான் மின்னோட்ட விதி சோதிக்கப்படுகிறது. மேலே பார்த்த பிழையான கணு விடையை (4.30, 2.42, −0.86) போட்டுப் பாருங்கள். முதல் வரி 18 என்று சரியாக வரும். இரண்டாவது வரி 0க்குப் பதிலாக ஏறக்குறைய 11 காட்டும். மூன்றாவது −3க்குப் பதிலாக −14 பக்கம் போகும். சரியில்லாத இரண்டு வரிகளும் R4-ஐப் பகிர்ந்துகொள்ளும் கண்ணிகள். R4 தொங்குவது கணு B-யில். மீண்டும் அதே இடம்தான்.

கால்குலேட்டரே சமன்பாடுகளைத் தீர்த்துத் தந்தாலும் இந்த மூன்று வரி தேவை. கால்குலேட்டர் தீர்க்கும்போது பிழை விடாது; ஆனால் நாம் உள்ளே கொடுக்கும் 31, −10, 270 போன்ற எண்களில் பிழை இருந்தால் அதற்குத் தெரியாது.

பயிற்சி

அதே சுற்றில் மின்தடைகளை மாற்றாமல் E1 = 10 V, E2 = 22 V என்று வைத்து, கணு முறையில் தீர்த்து, கண்ணிச் சமன்பாடுகளால் சோதிக்கச் சொல்லுங்கள். விடை VA = 10 V, VB = 16 V. கண்ணி மின்னோட்டங்கள் I1 = 0, I2 = −2 A, I3 = −6 A.

I1 பூஜ்யம் என்று வந்ததும் பலர் கணக்கை அடித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். VA-வும் E1-உம் ஒரே 10 V என்பதால் R1-இன் இரு முனைகளுக்கும் வித்தியாசமே இல்லை. மின்னோட்டம் ஓட வழியில்லை. எதிர்க்குறிகள், மின்னோட்டம் நாம் வரைந்த திசைக்கு எதிராக ஓடுகிறது என்பதை மட்டும் சொல்கின்றன. மூன்று கண்ணிச் சமன்பாடுகளிலும் இந்த எண்களைப் போட்டால் முறையே 10, 0, −22 என்று வரும். வந்துவிட்டால் அடிக்க வேண்டாம். அடுத்த கேள்விக்குப் போகலாம்.